ஒன்பது படங்களும் ராய்ஸ் பிடுங்கிய டிஸ்கும்

ராய்ஸ் டிபெட் என்ன வேலை செய்கிறான் என்று எங்கள் குவின்சி ஊரில் யாரைக் கேட்டாலும், "நம்ம போட்டோவையெல்லாம் அவன்தான் பத்திரமா பார்த்துக்கறான்" என்பார்கள். சுத்தப் பொய். அவன் செய்வது, ஊரார் போனில் எடுக்கும் படமெல்லாம் போய்ச் சேரும் கம்ப்யூட்டர் கிடங்கில் செத்துப்போன டிஸ்கைப் பிடுங்கும் வேலை. பிடுங்கிய இடத்தில் புதியதைச் செருகுவான், பழையதைப் பொடியாக்குவான். பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறான்.

ஊர் அப்படி நம்புவதற்குக் காரணமும் அவன்தான். சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு சாலட்டை இரண்டாவது தடவை போட்டுக்கொண்டே, யாராவது பேரப்பிள்ளை படத்தைக் காட்டினால் போதும், "கவலையே படாதீங்க, இது என்கிட்ட இருக்கு. உங்க போன் ஆத்துல விழுந்தாலும் இருக்கும். நான் ஒரு நாளைக்கு ஏழெட்டு டிஸ்கை உடைக்கறேன், ஒருத்தர் படமாவது தொலைஞ்சதா கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவான். எந்த நிறுவனத்தில் வேலை என்று வெளியில் சொல்லக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ராய்ஸ் அந்த நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டான். மற்றதெல்லாம் சொல்வான். எத்தனையோ தடவை அவனைத் திட்டியிருக்கிறேன்.

நான் லனெட். அவனுடைய ஷிப்டுக்குத் தலைவி. ஒன்பது வருடமாக அவனைக் கட்டி மேய்க்கிறேன்.

ராய்ஸ் பக்கத்து ஊரான எஃப்ராட்டாவில் பிறந்தவன். பள்ளி முடித்த கையோடு உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் சேர்ந்து, வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்தான். பதினைந்து வருடம் உடம்பெல்லாம் எண்ணெய் நாற்றத்தோடு வீட்டுக்குப் போனவன். ஊரைச் சுற்றி டேட்டா சென்டர் என்று இந்தக் கம்ப்யூட்டர் கிடங்குகள் முளைத்தபோது, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த ஆட்களைத் தேடினார்கள். அப்படித்தான் வந்தான். முதல் வாரம், குளிர்காற்று வீசும் அந்த ஹாலில் வரிசை வரிசையாக டிஸ்குகள் அடுக்கிய ரேக்குகளைப் பார்த்துவிட்டு, "இங்க எதுவுமே நாறலையே" என்று ஆச்சரியப்பட்டான். அந்தச் சந்தோஷம் அவனுக்கு இன்னும் தீரவில்லை. நல்ல வேலைக்காரன், கை சுத்தம். அப்படித்தான் போன மே மாதம் ஆறாம் தேதி வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவன் தன் ரொட்டியைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தான். ராய்ஸ் சாப்பிடாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"என்னாச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"லனெட், நான் ஒண்ணு சொல்றேன். நீ கத்தக்கூடாது."

"அப்படிச் சொன்னா கண்டிப்பா கத்துவேன். சொல்லு."

"நான் என் பொண்ணை அழிச்சுட்டேன்" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராய்ஸுக்குப் பிள்ளைகள் இல்லை. இல்லை என்று நாங்கள் சொல்வது வழக்கம். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஹேசல். இதயத்தில் ஏதோ கோளாறு. வெனாட்சி மருத்துவமனையில் பத்தொன்பது மணி நேரம் இருந்தாள். அவன் மனைவி மார்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் சிரித்து நாங்கள் கேட்கவில்லை. குழந்தையைப் பற்றி அவர்கள் இருவரும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

"ஒம்பது போட்டோ இருந்துச்சு" என்றான். "நர்ஸ் எடுத்தது. மார்லிஸ் போன்ல எடுத்தாங்க. அவ்வளவுதான் ஹேசலோடது, வேற எதுவும் கிடையாது. எனக்கும் மார்லிஸுக்கும் ஒரே கணக்கு, ரெண்டு போன்லயும் ஒரே படம்தான் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவை, முதல் ஞாயித்துக்கிழமை, நான் வண்டில உட்கார்ந்து பார்ப்பேன். நேத்திக்கு முந்தின நாள் பார்த்தேன். இல்லை."

"இல்லைன்னா?"

"முன்னாடி எங்க கல்யாண நாள் கேக் இருக்கு. பின்னாடி பக்கத்து வீட்டு நாய் இருக்கு. நடுவுல ஒம்பதைக் காணோம்."

"சரி. அதுக்கும் நீ அழிச்சதுக்கும் என்ன சம்பந்தம்?"

அப்போதுதான் அவன் சொன்னான். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, பதினெட்டாவது வரிசையில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது, மாற்று என்று அவனுக்கு வேலைச் சீட்டு வந்திருக்கிறது. அவன் பதினேழாவது வரிசைக்குப் போய், அதே உயரத்தில் அதே இடத்தில் இருந்த டிஸ்கைப் பிடுங்கிவிட்டான். உயிரோடு இருந்த டிஸ்க். ஸ்கேனரில் காட்டியதும் எண் ஒத்துப்போகவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. உடனே என்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். ராய்ஸ் என்ன செய்தான் தெரியுமா? ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று பதிந்துவிட்டு, சீட்டில் இருந்த எண்ணைக் கையால் தட்டினான். பிறகு அந்த நல்ல டிஸ்கைக் கொண்டுபோய் அரவை இயந்திரத்தில் போட்டான். அங்கேயும் அதே பொய் எண்.

நான் கத்தினேன். கத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லையே.

"மண்டையில மூளை இருக்கா உனக்கு? பதினோரு வருஷம்! புதுசா வந்த பசங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க. மறுநாள் பதினெட்டாவது வரிசை டிஸ்க் இன்னும் செத்தே கிடக்குன்னு திரும்பவும் சீட்டு வந்தப்போ நான் கிறுக்குப் பிடிச்ச மாதிரி அலைஞ்சேனே, அப்ப நீ பக்கத்துல நின்னு காபி குடிச்சுட்டு இருந்தியே."

"வெட்கமா இருந்துச்சு" என்றான். "ஏப்ரல் ஒம்பது அவ பொறந்த நாள். அந்த வாரம் பூரா என் தலை என்கிட்ட இல்லை. தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னா, ஏன்னு நீ கேட்பே. அதுக்குப் பதில் சொல்ல முடியாது."

எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.  

"அந்த டிஸ்க்லதான் ஹேசல் இருந்திருக்கா" என்றான் ராய்ஸ். "கடவுள் பார்த்துத் தண்டனை கொடுத்துட்டார். வேற யார் வீட்டு டிஸ்கையாவது பிடுங்கியிருக்கக் கூடாதா நான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்திருக்கக் கூடாதுதான், ஆனாலும் வந்தது. ஒரு கட்டடத்தில் லட்சத்துக்கும் மேலே டிஸ்குகள். அதில் தன் மகள் இருந்த டிஸ்கைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டதாக ஒருவன் நம்புகிறான். வெளி ஆளுக்கு இப்படித் தோன்றவே தோன்றாது. போனில் படம் காணவில்லை என்றால் மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். நாங்கள் இரும்போடு பழகிய கூட்டம். எது காணாமல் போனாலும் எந்த இரும்பு உடைந்தது என்றுதான் எங்கள் புத்தி போகும்.

"ராய்ஸ், நீ இங்க என்ன வேலை பார்க்கறேன்னு உனக்கே தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும். ஆனா இப்ப எல்லாம் குழம்பிக் கிடக்கு. நீயே சொல்லு, முதல்லேர்ந்து."

சொன்னேன். அவனுக்குத் தெரிந்ததையே அவனுக்குச் சொன்னேன். மார்லிஸ் ஒரு படம் எடுத்தால் அது ஒரே ஒரு டிஸ்கில் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. வந்து சேரும்போதே அதற்கு நகல் எடுக்கிறார்கள். ஒரு நகல் ஒரு ரேக்கில், இன்னொன்று வேறு ரேக்கில், அதுவும் வேறு மின்சார வழியில் இருக்கும் ரேக்கில். ஒரு ரேக்குக்கு மொத்தமாகக் கரண்ட் போனாலும் மற்றது நிற்கும். அது போதாதென்று வேறு மாநிலத்தில் இருக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் ஒன்று போகிறது. எங்கள் கட்டடம் முழுக்க எரிந்தாலும் அங்கே இருக்கும். எந்தப் படம் எந்த டிஸ்கில் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எல்லாம் பூட்டுப் போட்ட எழுத்தில் இருக்கிறது. ஒரு டிஸ்கைத் தனியாக எடுத்துப் படித்தால் வெறும் குப்பை எழுத்துதான் தெரியும்.

"டிஸ்க் செத்தா நமக்கு எப்பச் சீட்டு வருது?" என்று கேட்டேன்.

"செத்தப்புறம்."

"இல்லை. டிஸ்க் தகராறு பண்ண ஆரம்பிச்சதுமே கம்ப்யூட்டர் அதை ஒதுக்கி வச்சுடுது. அதுல என்னென்ன இருந்துச்சோ, அதோட மத்த நகலெல்லாம் எங்க இருக்கோ, அங்கேர்ந்து எடுத்து வேற நல்ல டிஸ்க்ல புதுசா எழுத ஆரம்பிச்சுடுது. மூணு இருக்கணும்னா, ரெண்டாக் குறைஞ்ச உடனே மூணாவதை உண்டாக்கிடும். அப்புறம்தான் நிதானமா நமக்குச் சீட்டு. நாம போறது பிணத்தைத் தூக்க. வைத்தியம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு."

"நான் பிடுங்கினது பிணம் இல்லையே. உசிரோட இருந்துச்சே."

"அதுக்கும் அதேதான். கம்ப்யூட்டருக்கு நீ பிடுங்கினியா, அது தானா செத்துச்சா, ரெண்டும் ஒண்ணு. டிஸ்க் பேச மாட்டேங்குது, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

அவன் முகம் தெளியவில்லை. "ஒருவேளை மத்த நகலும் அதே நேரத்துல செத்திருந்தா?"

அது கேட்கக்கூடிய கேள்விதான். எல்லா நகலும் ஒரே நேரத்தில் செத்தால் படம் போகும். அதனால்தான் அவற்றை ஒன்றுக்கொன்று தொலைவில் வைக்கிறார்கள். வா என்று என் மேசைக்கு அழைத்துப்போனேன். ஏப்ரல் பன்னிரண்டு, பதினேழாவது வரிசை, அவன் பிடுங்கிய டிஸ்க். அதன் கதை முழுவதும் பதிவில் இருந்தது. காலை பத்து மணி நாற்பத்தொன்றுக்கு அந்த டிஸ்க் பதில் சொல்வதை நிறுத்தியிருக்கிறது. கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் காத்திருந்திருக்கிறது, திரும்பி வருமா என்று. வரவில்லை என்றதும் நூற்றுக்கணக்கான மற்ற டிஸ்குகளிலிருந்து துண்டு துண்டாக நகல் எடுக்க ஆரம்பித்திருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. கடைசி வரியில் தொலைந்தவை எத்தனை என்று ஒரு கட்டம். அதில் பூஜ்யம்.

"பார்த்துக்கோ. நீ ஒண்ணையும் அழிக்கலை" என்றேன். "உன்னால ஒரு நாய்ப் படத்தைக்கூட அழிக்க முடியலை. நீ அவ்வளவு முக்கியமான ஆள் இல்லை."

ராய்ஸ் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூச்சு விட்டான். அவன் தோள்கள் இறங்கின. எனக்கும் பெரிய நிம்மதி. ஒரு மனிதனின் பாரத்தை இறக்கி வைத்துவிட்ட பெருமையில், நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே.

"மிஷினால தொலைக்க முடியாது ராய்ஸ். மிஷின்ல இருந்து ஒண்ணு போகணும்னா யாராவது அழின்னு சொல்லணும். அப்படிச் சொன்னா மட்டும்தான்..."

அங்கே நிறுத்தினேன். எங்கே போய் நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவனுக்கும் உறைத்துவிட்டது. அந்தக் கணக்கில் இருப்பது இரண்டே பேர்.

"நான் சொல்லலை" என்றான் ராய்ஸ்.

 நான் திரையில் இருந்த பதிவை மூடினேன்.

"குப்பைத்தொட்டியைப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"எந்தக் குப்பைத்தொட்டி?"

"படம் வச்சிருக்கிற ஆப்லதான். அழிச்சா உடனே போகாது. முப்பது நாள் அதுல கிடக்கும். அதுக்கப்புறம் எல்லா நகலுக்கும் உத்தரவு போகும், ஒண்ணு விடாம. நீ பதினோரு வருஷமா இங்க இருக்கே. அதுகூடவா தெரியாது?"

"நான் எதையும் அழிச்சதே இல்லை லனெட். பக்கத்து வீட்டு நாயைக்கூட."

போன்களை ஹாலுக்குள் கொண்டுபோக முடியாது, வாசலில் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வருவோம். வாசலுக்குப் போய் எடுத்தோம். அவன் போனை என்னிடம் நீட்டினான், நான்தான் திறந்தேன். குப்பைத்தொட்டி. ஒன்பது சின்னச் சதுரங்கள். முதல் படத்தில் ஒரு ரோஜா நிறக் குல்லாய், அதற்குக் கீழே மூடிய கண்கள், யாரோ ஒருவரின் கட்டை விரலைப் பிடித்திருக்கும் கை. ஏழு வருடத்தில் நான் ஹேசலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இன்னும் மூன்று நாள் என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் மார்லிஸ் ஏப்ரல் ஒன்பதாம் தேதி அழித்திருக்கிறாள். பிறந்த நாளன்று.

"அமுக்கு" என்றேன். "திரும்ப எடுங்கற பொத்தான் கீழே இருக்கு. அமுக்கினா முடிஞ்சுது."

அவன் அமுக்கவில்லை. போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஏன்யா?"

"அவ சுமந்த குழந்தை. அவ வேண்டாம்னு நெனச்சிருந்தா, நான் யாரு திரும்ப எடுக்கறதுக்கு? எடுத்தா அவ போன்லயும் திரும்ப வரும். காலைல பஸ்ஸை எடுக்கப் போறவ போனைத் தொறந்தா ஹேசல் நிப்பா."

"எடுக்கலைன்னா வெள்ளிக்கிழமை ஒண்ணும் இருக்காது. அப்புறம் நான் போய் எந்த அதிகாரி கால்ல விழுந்தாலும் கிடைக்காது."

"தெரியும். அதான் எனக்கு ஒண்ணுமே புரியலை" என்றான். "ஏழு வருஷமா வச்சிருந்தவ, ஏன் இப்ப? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே. நீ வா லனெட். நான் தனியாக் கேட்டா சண்டை ஆயிடும்."

அடுத்தவர் வீட்டுச் சண்டைக்குப் போவது எனக்குப் பிடிக்காது. போகவும் மாட்டேன். ஆனால் அந்த ஒன்பது சதுரங்களைப் பார்த்த பிறகு வீட்டுக்குப் போய் டி.வி. பார்க்கவும் முடியாது. அதற்கு முன்னால் இன்னொரு வேலையும் இருந்தது. பொய் எண் விஷயத்தை அவன் கண் முன்னாலேயே எழுதி மேலே அனுப்பினேன். அவனாகவே வந்து ஒப்புக்கொண்டான் என்றும் சேர்த்தேன். "வேலை போகுமா?" என்று கேட்டான். "தெரியாது. போகணும்" என்றேன். மனசுக்குள் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஷிப்ட் ஆறு மணிக்கு முடிந்தது. நல்ல வெயில் இருந்தது. மார்லிஸ் பின்வாசல் படியில் உட்கார்ந்து தன் பஸ்ஸுக்கான பெயர்ப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன லனெட், இவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வந்தியா? பில் இருந்தாத்தான் எடுத்துக்குவேன்" என்றாள். ராய்ஸ் சிரிக்கவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை.

சமையலறையில் உட்கார்ந்தோம். ராய்ஸ் போனை மேசைமேல் வைத்தான்.

"மார்லி, ஹேசல் படத்தையெல்லாம் நீயா அழிச்சே?"

"ஆமா" என்றாள், சாதாரணமாக. அந்தச் சாதாரணம்தான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன், உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஏன் அழிச்சே?"

அவள் பட்டியலைச் சுருட்டினாள். "வருஷா வருஷம் அந்த நாள்ல போன் தானே எடுத்துக் காட்டுது. ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே நாள்னு, பாட்டு வேற போடுது. இந்தத் தடவை கடையில வரிசையில நிக்கறேன். முட்டை வாங்கிட்டு. பாட்டோட வந்துட்டா. பின்னாடி நின்ன பொம்பளை எட்டிப் பார்த்து, அழகா இருக்கே, இப்ப எந்த வகுப்புன்னு கேட்டா. ரெண்டாம் வகுப்புன்னு சொல்லிட்டேன். என்னமோ வாயில வந்துடுச்சு. வண்டிக்கு வந்து உட்கார்ந்து என் போன்ல இருந்து எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எதுக்குக் கேட்கணும்? என் போன்லதானே எடுத்தேன். உன்கிட்டதான் இருக்கே."

ராய்ஸ் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன்.

"என்கிட்ட இல்லை மார்லி" என்றான். "நீ அழிச்சா எல்லாத்துலயும் அழியும்."

"உன் போனைச் சொல்லலை. அங்க. உன் இடத்துல." அவள் கையை நீட்டி, ஜன்னலுக்கு அப்பால் எங்கள் கட்டடங்கள் இருக்கும் திசையைக் காட்டினாள். "நீதானே சொல்வே, எத்தனை மிஷின் செத்தாலும் ஒரு படமும் போகாதுன்னு. ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறே. என் போனும் ஒரு மிஷின்தானே? ஒண்ணுல இல்லைன்னா மத்ததுல இருக்கும்னு நெனச்சேன்."

"மிஷின் செத்தா போகாது" என்றான் ராய்ஸ். வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினான். "ஒண்ணு செத்தா மத்ததெல்லாம் சேர்ந்து அவளைத் திரும்ப எழுதிடும். ஆனா நாம அழின்னு சொன்னா, அது சாவு இல்லை, உத்தரவு. எல்லா மிஷினும் கேட்கும். ஒண்ணுகூட ஏன்னு கேட்காது."

மார்லிஸுக்குப் புரிய நேரம் ஆனது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குழப்பம், பிறகு பயம்.

"அப்ப அவ உன்கூட அங்க இல்லையா?" என்றாள்.

"என்கூடவா?"

"நீ காலைல கிளம்பறப்போ நான் அப்படித்தான் நெனச்சுக்குவேன். ஏழு வருஷமா. ஞாயித்துக்கிழமைகூட நீ ஷிப்டுக்குப் போனா நான் ஒண்ணும் சொன்னதில்லை, கவனிச்சியா? மத்த பொம்பளைங்க புருஷனைத் திட்டுவாங்க. நான் திட்ட மாட்டேன். அவளைப் பார்த்துக்கப் போறான், போகட்டும்னு இருப்பேன். என்னால பார்க்க முடியலை ராய்ஸ். அதனால உன்கிட்ட விட்டுட்டேன்."

 ராய்ஸ் அழுதான். பெரிய உடம்பு, சத்தமே இல்லாமல் குலுங்கியது. நான் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவின கோப்பையையே மறுபடியும் கழுவினேன். அவளுக்காக வருத்தப்படுவதா, இவனுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடம் இந்த இரண்டு பேரும் ஒரே குழந்தையை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். நான் தினமும் பக்கத்தில் நின்று டிஸ்க் எண் மட்டும் சரிபார்த்திருக்கிறேன்.

"போயிடுச்சா?" என்று மார்லிஸ் கேட்டாள். "நான் அழிச்சுட்டேனா அவளை?"

"இல்லை" என்றேன் நான், திரும்பி. "இன்னும் மூணு நாள் இருக்கு. இவன் போன்ல குப்பைத்தொட்டியில கிடக்கு. இவன் திரும்ப எடுக்க மாட்டேன்னு நின்னான். நீ வேண்டாம்னு நெனச்சிருந்தா எடுக்கக்கூடாதாம்."

அவள் போனை இழுத்துக்கொண்டாள். ராய்ஸ் காட்டித் தந்தான். ஒன்பது சதுரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். குறி விழுந்தது. திரும்ப எடுக்கும் பொத்தானை அவளே அமுக்கினாள். ஒரு நொடிதான். குப்பைத்தொட்டி காலியானது. கல்யாண நாள் கேக்குக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கும் நடுவில் ஹேசல் வந்து உட்கார்ந்தாள்.

நான் மார்லிஸின் போனை வாங்கி, அந்தத் தேதி நினைவூட்டலாக வராதபடி நிறுத்தினேன். அந்த ஆப்பில் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது, யாரும் தேடுவதில்லை. ராய்ஸையும் ஒரு பிடி பிடித்தேன். "நாளைக்கே இந்த ஒம்பதையும் தனியா ஒரு டிரைவ்ல போட்டு அலமாரியில வை. இந்தக் கணக்கோட சம்பந்தமே இல்லாம. மிஷின்கிட்டேர்ந்து காப்பாத்தத்தான் அங்க நகல் எடுக்கறாங்க. உங்க கையிலேர்ந்து காப்பாத்த இல்லை." தலையாட்டினான். மண்டையில் ஏறியதா என்று தெரியவில்லை.

அவன் வேலை போகவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள், ஆறு மாதத்துக்கு அரவை இயந்திரத்தைத் தொடக்கூடாது என்றார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அது எங்களுக்குத் தெரியாது. நான் கிளம்ப எழுந்தபோது, மார்லிஸ் போனைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"இப்ப எங்க இருக்கா அவ? சரியாச் சொல்லு. உன் கட்டடத்துல இருக்காளா, இல்லையா?"

ராய்ஸ் வழக்கமாக அடிக்கும் பெருமையைத்தான் அடிப்பான் என்று நினைத்தேன். அவன் யோசித்தான்.

"தெரியலை மார்லி. பல இடத்துல இருக்கா. எந்த எந்த இடம்னு யாருக்கும் தெரியாது. ஒரு டிஸ்க் செத்தா இன்னொண்ணுக்குப் போவா. என் ஹால்ல இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அவள் போனைக் கீழே வைத்தாள்.

"இருக்கலாம்னா போதும்" என்றாள். "நீ வேலைக்குப் போ."